கர்நாடகப் போர்க் கட்டுரைக்கு மைய வாதம் எழுதுவது எப்படி?

"ஐயா, கடலூரில் முதுகலை வரலாறு முதலாண்டு படிக்கிறேன். கர்நாடகப் போர்களின் காரணங்களைப் பற்றிப் பன்னிரண்டு பக்கக் கட்டுரை எழுத வேண்டும். 'கர்நாடகப் போர்களுக்கு அரசியல், பொருளாதார, இராணுவக் காரணங்கள் பல இருந்தன' என்பதை மைய வாதமாக வைத்தேன். 'இது வாதமே இல்லை' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வாதம் என்றால் எப்படித்தான் இருக்க வேண்டும்?"

உங்கள் வாக்கியத்தை மறுக்க முயன்று பாருங்கள். முடியாது. "காரணங்கள் பல இல்லை, ஒன்றே ஒன்றுதான்" என்று எந்த வரலாற்றாசிரியரும் சொல்லப்போவதில்லை. யாரும் மறுக்க முடியாததை நிறுவுவதற்குப் பன்னிரண்டு பக்கம் எதற்கு? திருப்பிக் கொடுத்தவர் சொல்ல வந்தது இதுதான். இன்னும் ஒரு சோதனை இருக்கிறது. உங்கள் வாக்கியத்தில் 'கர்நாடகப் போர்' என்பதை எடுத்துவிட்டுக் 'கலிங்கப் போர்' என்று போட்டாலும் அது அப்படியே நிற்கும். எந்தப் போருக்கும் பொருந்துகிற வாக்கியம் இந்தப் போரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றுதான் பொருள்.

நானும் இதே தவற்றைச் செய்தவன்தான். புதுச்சேரியில் மாணவனாக இருந்தபோது, இதே போரைப் பற்றி ஏழு காரணங்களை வரிசையாக எண்ணிட்டு எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி மட்டும் எழுதித் திருப்பித் தந்தார்: "இவற்றில் எதை எடுத்துவிட்டால் போர் நின்றிருக்கும்?" ஒரு வாரம் அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டினேன். ஏழில் நான்கு உதிர்ந்துவிட்டன. எஞ்சிய மூன்றும் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்திருந்தன என்று சொல்லத் தொடங்கியபோதுதான் கட்டுரை பிறந்தது.

முதலில் ஒரு முடிவு எடுங்கள். நீண்ட போரைப் பற்றி 'ஏன்' என்று கேட்கும்போது அதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன: ஏன் தொடங்கியது, ஏன் நிற்கவில்லை. இரண்டு நாள் சண்டைக்கு இந்த வேறுபாடு தேவையில்லை. ஆற்காட்டு நவாபின் ஆட்சிப் பகுதியான கர்நாடகத்தில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே 1746இல் தொடங்கி, இடையில் உடன்படிக்கைகள் கண்டு, 1763 பாரிஸ் உடன்படிக்கையில்தான் முடிந்த ஒரு போருக்கு இதுவே அடிப்படை. பாடநூல்கள் அதை மூன்று போர்களாக அறுத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காரணம் எழுதுகின்றன. தேர்வுக்கு அது வசதிதான். ஆனால் அந்த வெட்டுகளின் மேல்தான் உங்கள் கட்டுரை நிற்க வேண்டும், ஏனென்றால் போர் நின்றிருக்க வேண்டிய இடங்கள் அவையே.

காரணம் என்று வழக்கமாகச் சொல்லப்படுபவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, காலவரிசையோடு மோதவிடுவோம். மைய வாதம் கட்டுவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்: யாராவது ஏற்கெனவே சொன்னதை நம்பி எடுத்துக்கொள்வது, அது உடையும் தேதியைத் தேடுவது, உடைந்த இடத்தில் என்ன இல்லை என்று பார்ப்பது.

எல்லோரும் முதலில் சொல்வது, ஐரோப்பாவில் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இருந்த பகைமை இங்கே பரவியது என்பது. ஆஸ்திரிய வாரிசுரிமைப் போரில் இரு நாடுகளும் 1744இல் ஒன்றன்மேல் ஒன்று போர் அறிவித்தன. 1745இல் ஆங்கில அரசுக் கப்பல்கள் வந்து பிரெஞ்சு வணிகக் கப்பல்களைப் பிடித்தன. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் லா பூர்தொனே கடல்வழியே வந்து சென்னையைப் பிடித்தார். ஆங்கிலேயர் தலைமையிடத்தை உங்கள் ஊர்த் தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்கு, அதாவது புனித டேவிட் கோட்டைக்கு, மாற்றிக்கொண்டார்கள். 1748இல் ஆங்கிலக் கப்பற்படைத் தலைவர் பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றார். அதே ஆண்டு அக்டோபரில் ஐரோப்பாவில் எக்ஸ்-லா-ஷப்பேல் உடன்படிக்கை கையெழுத்தானது. வட அமெரிக்காவில் பிடித்திருந்த லூயிஸ்பர்க் கோட்டையை ஆங்கிலேயர் திருப்பிக் கொடுக்க, 1749இல் சென்னை அவர்களிடம் திரும்பி வந்தது.

ஐரோப்பியப் பகைமைதான் காரணம் என்றால் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஏழாண்டுப் போர் 1756இல்தான் தொடங்குகிறது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகள் இரு அரசுகளுக்கும் நடுவே அமைதிக் காலம். ஆனால் ஆம்பூர்ப் போர், ஆற்காட்டு முற்றுகை, திருச்சிராப்பள்ளிக்காக நடந்த நீண்ட இழுபறி, பாகூர்ச் சண்டை எல்லாம் 1749க்கும் 1754க்கும் இடையில், அந்த அமைதிக் காலத்துக்குள்தான் வருகின்றன. காரணம் தூங்கிக்கொண்டிருந்தபோது விளைவு விழித்திருந்தது. ஆகவே ஐரோப்பியப் பகைமை 1746ஐ விளக்கும், 1749ஐ விளக்காது.

அடுத்து டூப்ளே. ஒரு மனிதரின் பேராசை என்பது எழுதுவதற்குச் சுகமான காரணம், அதனாலேயே எச்சரிக்கையாக இருங்கள். 1742இல் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநரான இவர், ஐரோப்பாவில் போர் மூண்ட செய்தி வந்ததும் செய்த முதல் காரியம், சென்னையிலிருந்த ஆங்கிலேயரிடம் "இங்கே நாம் சண்டையிட வேண்டாம்" என்று பேசிப் பார்த்ததுதான். அரசுக் கப்பல்கள் தங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று அவர்கள் கைவிரித்தார்கள். உள்நாட்டு வாரிசுச் சண்டையில் படையோடு நுழைந்ததும் டூப்ளேயின் தனிக் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. 1749இல், ஆம்பூர்ப் போருக்கு முன்பே, தஞ்சாவூர் அரியணையை இழந்திருந்த சாகுஜிக்காக ஆங்கிலேயர் புனித டேவிட் கோட்டையிலிருந்து இருமுறை படை அனுப்பினார்கள். கொள்ளிடத்தின் முகத்துவாரத்தில் இருந்த தேவிக்கோட்டை அவர்கள் கைக்கு வந்ததும், சாகுஜியை விட்டுவிட்டு, அரியணையில் இருந்த பிரதாபசிங்கோடு சமாதானம் செய்துகொண்டார்கள். கோட்டை மட்டும் அவர்களிடமே தங்கியது. கடலூர்க்காரரான நீங்கள் இந்த நிகழ்ச்சியைக் கட்டுரையில் விட்டுவிடக் கூடாது. பாடநூல் சுருக்கங்களில் பெரும்பாலும் இது வருவதே இல்லை.

ஆனாலும் டூப்ளே வாதத்தை முழுவதும் தூக்கி எறியவும் முடியாது. 1754 ஆகஸ்டில் அவருக்குப் பதிலாக கொதேயு வந்து இறங்கிய சில மாதங்களில் ஆங்கிலேயரோடு போர்நிறுத்தம் கையெழுத்தானது. எதிர்த்தரப்பு இதைத்தான் கையில் எடுக்கும். இதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். பதில் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

மூன்றாவது, ஆற்காட்டிலும் ஹைதராபாத்திலும் நடந்த வாரிசுச் சண்டை. 1748இல் நிஜாம் ஆசஃப் ஜா இறந்ததும் அவர் மகன் நாசிர் ஜங்கும் மகள் வயிற்றுப் பேரன் முசாஃபர் ஜங்கும் மோதிக்கொண்டார்கள். மராட்டியர் சிறையிலிருந்து வெளிவந்த, பழைய நவாப் தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிபு ஆற்காட்டுக்கு உரிமை கோரினார். 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார், அவர் மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடினார். பிரெஞ்சுக்காரர் ஒரு பக்கம், ஆங்கிலேயர் மறுபக்கம். மிகவும் வலுவான காரணம் போலத் தோன்றுகிறது, இல்லையா?

பத்து ஆண்டுகள் பின்னால் போங்கள். 1740இல் தாமல்செருவுக் கணவாயில் நவாப் தோஸ்த் அலி மராட்டியரோடு போரிட்டு இறந்தார். 1742இல் அவர் மகன் சஃப்தர் அலி சொந்த உறவினராலேயே கொல்லப்பட்டார். இரண்டு ஆண்டில் இரண்டு நவாபுகள், வாரிசுக் குழப்பம் உச்சத்தில். அப்போது ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் என்ன செய்தன? அடைக்கலம் கேட்டு வந்த குடும்பங்களைத் தங்கள் மதிலுக்குள் வைத்துக் காப்பாற்றின. சந்தா சாகிபின் குடும்பம் புதுச்சேரியில்தான் இருந்தது. அதற்கு மேல் யாரும் படை நடத்திச் சென்று ஒருவரை நவாபாக்கவில்லை. அதே வாரிசுக் குழப்பம் 1742இல் கர்நாடகப் போரைக் கொண்டுவரவில்லை, 1749இல் கொண்டுவந்தது. இடையில் ஏதோ மாறியிருக்க வேண்டும்.

உங்கள் கட்டுரையின் உயிர் இந்த இடைவெளியில் இருக்கிறது. ஒரே காரணம் இரண்டு காலங்களிலும் இருந்து, விளைவு ஒன்றில் மட்டும் வந்தால், அந்த இரண்டுக்கும் நடுவே புதிதாக வந்தது என்ன என்று தேடுங்கள்.

புதிதாக வந்தவை இரண்டு. ஒன்று, 1746 இறுதியில் அடையாற்றங்கரையில் கிடைத்த பாடம். சென்னையைத் தனக்குத் தருவதாகச் சொல்லிவிட்டு டூப்ளே தராததால், அன்வருதீன் தன் மூத்த மகன் மாபூஸ் கானைப் படையோடு அனுப்பினார். பரதி தலைமையில் வந்த பிரெஞ்சுத் தரப்பில் ஐரோப்பியரும் சிப்பாய்களும் சேர்த்து ஆயிரம் பேர்கூட இல்லை. ஆற்றைக் கடந்து வந்து, அணிவகுத்துச் சுட்டுக்கொண்டே முன்னேறி, தங்களைப் போல் பல மடங்கு பெரிய படையைச் சிதறடித்தார்கள். வரிசையாக நின்று விடாமல் சுடும் பயிற்சி பெற்ற சிறு காலாட்படைக்கு இந்த மண்ணில் என்ன விலை என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அரியணை தேடி அலைந்தவர்களுக்கும் தெரிந்தது, நிறுவனங்களுக்கும் தெரிந்தது.

மற்றொன்று, 1748 உடன்படிக்கை போரை முடித்ததே தவிர, அதற்காக வந்த படைகளை உடனே கப்பலேற்றவில்லை. பாஸ்கவனின் கப்பல்களும் படையும் 1749 அக்டோபர் வரை இந்தக் கரையிலேயே இருந்தன. கடலூரிலும் புதுச்சேரியிலும், இருபது கல் தொலைவுகூட இல்லாத இரண்டு ஊர்களில், வணிக நிறுவனம் வழக்கமாக வைத்திருப்பதைவிட மிகப் பெரிய இரண்டு படைகள் வேலையில்லாமல் நின்றன. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிப்பாய்க்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். துணி வாங்க வைத்திருக்கும் பணத்தில் படைக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தால் நிறுவனம் எத்தனை மாதம் தாங்கும்?

யாராவது அந்தச் செலவை ஏற்க வேண்டும். அரியணை தேடுபவரிடம் ரொக்கம் இல்லை. ஆனால் வெற்றி பெற்றால் அவரிடம் நிலவரி இருக்கும். அதைத்தான் கொடுத்தார்கள். சாகுஜி ஆங்கிலேயருக்குத் தேவிக்கோட்டையைத் தருவதாகச் சொன்னார். சந்தா சாகிபும் முசாஃபர் ஜங்கும் ஆம்பூருக்குப் பிறகு வில்லியனூர், பாகூர்ப் பகுதிக் கிராமங்களைப் பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்தார்கள். முகமது அலியின் பெயரால் ஆங்கிலேயர் சாந்தோமை எடுத்துக்கொண்டார்கள். தக்காணத்தில் இந்த ஏற்பாடு ஒளிவுமறைவின்றி எழுத்திலேயே வந்தது: 1753இல் ஹைதராபாத் நிஜாம் சலாபத் ஜங், அங்கே இருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படைச் செலவுக்கென்றே வட சர்க்கார் மாவட்டங்களின் வருவாயை ஒதுக்கிக் கொடுத்தார்.

(கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் வரும்போது தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறிமாறி வருவதைப் பார்த்திருப்பீர்கள். பாகூரும் வில்லியனூரும் புதுச்சேரி வரைபடத்தில் திட்டுத்திட்டாகக் கிடப்பதன் வேர் இந்தக் கொடைகளில் இருக்கிறது. பின்னால் இழந்து, மீட்டு, 1783 உடன்படிக்கையில் மறுபடியும் பெற்று என்று நிறைய நடந்தது, ஆனால் தொடக்கம் இங்கேதான்.)

இப்போது ஏன் நிற்கவில்லை என்பது புரியத் தொடங்குகிறது. நிலவரியை ஒருவர் எழுதிக் கொடுத்தால் அது அவர் நவாபாக இருக்கும் வரைதான் செல்லும். சந்தா சாகிபு போனால் அவர் கொடுத்த கிராமங்களின் கதி என்ன? முகமது அலி போனால் ஆங்கிலேயர் கொடுத்த கடனை யார் திருப்புவார்? ஆகவே இரு நிறுவனங்களும் தங்கள் ஆளைக் கைவிட முடியாத நிலைக்கு வந்துவிட்டன. விடாமல் தொடரப் படை வேண்டும், படைக்கு மேலும் வருவாய் வேண்டும், வருவாய்க்கு மேலும் ஊர்கள் வேண்டும். 1752 ஜூனில் சந்தா சாகிபே கொல்லப்பட்ட பிறகும் போர் இரண்டு ஆண்டுகள் ஓடியது. வாரிசுச் சண்டை மட்டுமே காரணம் என்றால், உரிமை கோரியவரே இறந்த பிறகு அதற்கு உயிர் ஏது?

இனி வாக்கியமாக்கலாம். முதல் முயற்சி இப்படி வரும் என்று வைத்துக்கொள்வோம்:

"கர்நாடகப் போர்களுக்கு நிலவரி காரணமாக அமைந்தது."

மறுக்கக்கூடியதாகிவிட்டது, அது முன்னேற்றம்தான். ஆனால் 'காரணமாக அமைந்தது' என்ற தொடரை அடித்துவிடுங்கள். கட்டுரை எழுதும் தமிழில் இதைப்போல் சோம்பேறியான தொடர் வேறு இல்லை. ஒன்று மற்றொன்றை என்ன செய்தது என்பதைச் சொல்லாமலே நழுவிவிடும். நம்மிடம் நல்ல வினைகள் இருக்கின்றன: தொடங்கிவைத்தது, தூண்டியது, இடம்கொடுத்தது, தீவிரமாக்கியது, நீட்டித்தது, முடியவிடாமல் தடுத்தது. ஒவ்வொரு காரணத்துக்கும் இவற்றில் எது பொருந்தும் என்று தேர்ந்தெடுத்தாலே பாதி வாதம் அமைந்துவிடும். ஐரோப்பியப் போர் படைகளைக் கொண்டுவந்தது. அடையாறு அவற்றின் விலையைக் காட்டியது. வாரிசுச் சண்டை அவற்றுக்கு வேலை கொடுத்தது. நிலவரி அவற்றைக் கலையவிடாமல் வைத்தது. நான்கு காரணங்கள், நான்கு வேறு வினைகள். இப்போது அது பட்டியலாக இல்லை, ஒன்று மற்றொன்றின் தோளில் நிற்கிறது.

இரண்டாவது முயற்சியில் கால எல்லையையும் எதிர்த்தரப்பையும் உள்ளே கொண்டுவாருங்கள்:

"1749 முதல் 1754 வரை கர்நாடகத்தில் போர் நீடித்ததை ஐரோப்பியப் பகைமையோ ஆற்காட்டு வாரிசுச் சண்டையோ தனித்து விளக்காது, முந்தைய போர் விட்டுச்சென்ற படைகளுக்கு நிலவரியைச் சம்பளமாக்கிய ஏற்பாடே அதை நீட்டித்தது. அந்த வருவாய், கொடுத்தவர் பதவியில் இருக்கும் வரை மட்டுமே செல்லும் என்பதால், இரு நிறுவனங்களும் தங்கள் தரப்பு நவாபைக் கைவிட முடியாமல் போயின."

இரண்டு வாக்கியம் ஆகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். மைய வாதம் ஒரே வாக்கியமாகத்தான் இருக்க வேண்டும் என்பது யாரோ கிளப்பிவிட்ட விதி. முதல் வாக்கியம் எது நீட்டித்தது என்று சொல்கிறது, இரண்டாவது எப்படி நீட்டித்தது என்று சொல்கிறது. 'எப்படி' இல்லாமல் விட்டால் உங்கள் வாதம் பாதி வழியில் நிற்கும்.

1746–1763 முழுவதையும் விட்டு 1749–1754 என்று குறுக்கிவிட்டேன், கவனித்தீர்களா? காரணத்தோடு செய்ததுதான். 1758இல் லாலி பிரெஞ்சு அரசப் படைகளோடு வந்து இறங்குகிறார். உங்கள் ஊரையும் புனித டேவிட் கோட்டையையும் ஜூன் தொடக்கத்துக்குள் பிடித்து, கோட்டையை இடித்துத் தள்ளுகிறார். எதிர்ப்பக்கமும் அரசுப் படைகள் வருகின்றன. 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுத் தோல்வி, 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ச்சி. இந்தக் கட்டத்தில் ஐரோப்பியப் போரே நேரடியாக உள்ளே வந்துவிடுகிறது, நம் 'சம்பளமான நிலவரி' வாதம் அங்கே முதலிடம் பிடிக்காது. பிடிக்கும் என்று அடம்பிடித்தால் கட்டுரை உடையும். ஆனால் அது அங்கே அடியோடு செத்துவிடவும் இல்லை. லாலி இறங்கிய அதே கோடையில் பணமுடையால் தஞ்சாவூர் மேல் படையெடுத்தார். கையில் எடுத்துச் சென்றது, 1749இல் தஞ்சை அரசர் எழுதிக் கொடுத்த பழைய கடன்பத்திரம். பத்து ஆண்டுக்கு முந்தைய சம்பள பாக்கியை வசூலிக்கப் பீரங்கியோடு போனது போலத்தான். ஒன்றும் பெரிதாகக் கிடைக்கவில்லை. 1759இல் சம்பளம் கிடைக்காமல் பிரெஞ்சு வீரர்கள் கலகம் செய்தார்கள், அடுத்த ஜனவரியில் வந்தவாசி. இதை ஒரு பக்கத்தில் சொல்லி, "மூன்றாம் கட்டத்தில் இந்த ஏற்பாடு போரைத் தொடங்கவில்லை, ஆனால் யாரால் தாங்க முடியவில்லை என்பதில் அதன் நிழல் தெரிகிறது" என்று எல்லை வகுத்துவிடுங்கள். அத்தனை பெரியதை மட்டும் கோருங்கள்.

டூப்ளேயைத் திருப்பி அழைத்ததும் போர் நின்றதே என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டு நிறுவனங்களின் இயக்குநர்களும் லண்டனில் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். பாரிஸில் இருந்தவர்களுக்குப் போர் பிடிக்கவில்லை, ஏனென்றால் நிலவரி வரும் வரும் என்று டூப்ளே எழுதிக்கொண்டே இருந்தாரே தவிர, செலவை ஈடுகட்டவில்லை. ஆக, டூப்ளே போனதால் போர் நின்றது என்பதைவிட, சம்பள ஏற்பாடு கணக்கில் தோற்றதால் டூப்ளே போனார் என்று வாதிட இடம் இருக்கிறது. அவருடைய ஆசையும் அந்த ஏற்பாட்டுக்குள்தான் இயங்கியது. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தெற்கே போர்நிறுத்தம் வந்த பிறகும் வடக்கே புஸ்ஸி படையோடு அப்படியே இருந்தார், அவருக்கு வட சர்க்கார் வருவாய் இருந்தது. வருவாய் ஒழுங்காக வந்த இடத்தில் படை கலையவில்லை. எதிர்த்தரப்பின் சிறந்த சான்றையே எடுத்து உங்கள் வாதத்துக்கு வேலைசெய்ய வைப்பது என்பது இதுதான். முழு வெற்றி கிடைக்காது. டூப்ளே அல்லாத வேறொரு ஆளுநர் 1749இல் சந்தா சாகிபுக்குப் படை கொடுத்திருப்பாரா என்ற கேள்வி எஞ்சும். தேவிக்கோட்டை அதற்கு ஓரளவு பதில் சொல்கிறது, ஏனென்றால் அங்கே ஆளுநர் வேறு, நாடு வேறு, செய்தது மட்டும் அதே காரியம்.

எதிர்த்திசையில் நடக்கும் தவறு ஒன்று, குறிப்பாக நம் பக்கத்து மாணவர்களிடம். ஊர்ப்பற்றில் பின்னோக்கி ஓடிவிடுவார்கள். 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்கள் எல்லாம் சேர்த்தி என்று ஒப்பந்தம். சுட்டு அளந்துகொண்டார்கள், 'குண்டு கிராமம்' என்ற பெயர் அப்படி வந்தது. அருமையான கதை, யாருக்குத்தான் எழுத ஆசை வராது? ஆனால் 1690இலிருந்து 1746 வரை ஐம்பத்தாறு ஆண்டு அந்தக் கோட்டை இருந்தும் இந்தப் போர் வரவில்லை. எப்போதும் இருந்துகொண்டிருக்கும் ஒன்று, ஒரு குறிப்பிட்ட ஆண்டில் நடந்ததை விளக்காது. அது பின்னணி, முன்னுரையில் நான்கு வரி போதும்.

சான்று தேடும்போது உங்களுக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு வேறு ஊர் மாணவருக்கு இல்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தமிழிலேயே இருக்கிறது. 1736 முதல் 1761 வரை, பின்னாளில் டூப்ளேயின் தலைமைத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்த ஒரு வணிகர் எழுதிவைத்தது. மொழிபெயர்ப்பு வழியே பார்க்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. ஆனால் அதை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பதில் தெளிவாக இருங்கள். டூப்ளேயின் மனம் என்ன நினைத்தது என்பதற்கு அவர் சாட்சி அல்லர், டூப்ளே அவரிடம் என்ன பேசினார் என்பதற்கு மட்டுமே சாட்சி. அதோடு அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்த கனகராய முதலியார் தரப்போடும் டூப்ளேயின் மனைவியோடும் அவருக்கு இருந்த பிணக்கு பக்கத்துக்குப் பக்கம் கசியும். நம் வாதத்துக்கு அந்த நாட்குறிப்பில் தேட வேண்டியது பெரிய அரசியல் பேச்சுகளை அல்ல. யாருக்கு எந்த ஊரின் குத்தகை போனது, சிப்பாய் சம்பளத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது, எந்தத் தவணை வரவில்லை என்ற வணிகர் கணக்குப் பேச்சைத் தேடுங்கள். அவர் வணிகர், பணத்தைப் பற்றி எழுதும்போது கண் கூர்மையாக இருக்கும்.

தேதி விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. நம் வாதம் எது முன், எது பின் என்பதையே நம்பியிருக்கிறது. ஆனால் 1752 செப்டம்பர் வரை ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியை வைத்திருந்தார்கள், பிரெஞ்சுக்காரர் புதியதை. வித்தியாசம் பதினொரு நாள். சென்னை சரணடைந்தது ஆங்கில ஆவணத்தில் செப்டம்பர் 10, பிரெஞ்சு ஆவணத்தில் செப்டம்பர் 21. ஆம்பூர்ப் போரும் ஒரு பக்கம் ஜூலை 23, மறுபக்கம் ஆகஸ்ட் 3. பிள்ளை தமிழ் ஆண்டு, மாதத் தேதியோடு புதுச்சேரியில் வழங்கிய ஐரோப்பியத் தேதியையும் போடுவார், அது பிரெஞ்சுக் கணக்கு. கடலூர்க் கோட்டைக் கடிதம் ஒன்றையும் புதுச்சேரி நாட்குறிப்பையும் பக்கத்தில் வைத்து, "ஆங்கிலேயர் பதினொரு நாள் முன்னதாகவே முடிவெடுத்துவிட்டார்கள்" என்று கண்டுபிடித்து மகிழ்ந்த ஒரு மாணவரின் கட்டுரையைத் திருத்தியிருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே நாளில் எழுதியிருந்தார்கள்.

உங்கள் வாதம் எங்கே உடையக்கூடும் என்பதையும் நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையில் வராவிட்டாலும் சரி. நிலவரி கைக்கு வருவதற்கு முன்பே, அதைப் பற்றிய பேச்சே இல்லாத காலத்தில், நிறுவனங்கள் படையைக் கூட்டிக்கொண்டிருந்ததாகச் சான்று கிடைத்தால் உங்கள் வாதம் போயிற்று. கிராமங்கள் கைமாறியது வெறும் நன்றிக் கொடை, அதன் வருவாய் படைச் செலவுக்குப் போகவே இல்லை என்று தெரிந்தாலும் போயிற்று. இப்படி இரண்டு இடங்களைச் சொல்ல முடிகிறது என்றால் அது வாதம்தான். உங்கள் பழைய வாக்கியத்துக்கு அப்படி ஓர் இடமும் சொல்ல முடியாது.

பக்க ஒதுக்கீட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். வாதம் சரியாக அமைந்தால் கட்டுரை தானே பிரிந்துகொள்ளும்: 1742க்கும் 1749க்கும் ஒப்பீடு, தேவிக்கோட்டையும் வில்லியனூரும், டூப்ளே ஆட்சேபம், 1758க்கு எல்லை. ஆனால் எழுதத் தொடங்கும்போது முன்னுரையில் தொடங்காதீர்கள். திருச்சிப் பத்தியில் தொடங்குங்கள். உங்கள் வாதத்துக்கு மிகக் கடினமான சோதனை அங்கேதான் இருக்கிறது. மைசூரின் நஞ்சராஜர், திருச்சிராப்பள்ளியைத் தருவதாகச் சொன்னதை நம்பி முகமது அலிக்குப் படையும் பணமும் கொடுத்தார். 1752இல் சந்தா சாகிபு வீழ்ந்ததும் முகமது அலி கோட்டையைத் தரவில்லை. நஞ்சராஜர் கோபத்தோடு பிரெஞ்சுப் பக்கம் திரும்பி அதே கோட்டையை முற்றுகையிட்டார். இங்கே போரை நீட்டித்தது ஐரோப்பிய நிறுவனம் எதுவும் இல்லை, ஒரு தமிழகக் கோட்டைக்காக ஒரு கன்னட அரசு. எழுதிக் கொடுத்த நிலம் கைக்கு வராததால் எழுந்த சண்டை என்று பார்த்தால் இது உங்கள் வாதத்துக்குள் அடங்கும். ஆனால் அப்போது 'இரு நிறுவனங்களும்' என்று மைய வாதத்தில் இருப்பதை 'போரில் இறங்கிய எல்லாத் தரப்புகளும்' என்று மாற்ற வேண்டியிருக்கும். மாற்றுவதா, மைசூரை விதிவிலக்காக வைப்பதா என்பதை அந்தப் பத்தியை எழுதிப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். நான் மாற்றுவேன்.